இரண்டு குவியல்கள்

ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா, மொழி மாடல் எழுதியதா என்று சொல்லும் மென்பொருளைச் செய்வது அந்தப் பெண் பொறியாளரின் வேலை. துறையில் அதற்கு டிடெக்டர் என்று பெயர். சென்னையில் அவர் இருந்த குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் முதல் நாளே ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மெஷின் எழுதியதற்கு அடையாளம் என்ன? அவர் அதற்கு நேராகப் பதில் சொன்னதே இல்லை. `gpt-2-output-dataset` என்ற ஃபோல்டரை இறக்கி வைத்துக்கொள், இரண்டு நாள் அதைப் படி, பிறகு பேசலாம் என்பார்.

இந்தத் தொழிலின் அரிச்சுவடி அந்த ஃபோல்டர்தான். 2019-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-2 மாடலை ஒரேயடியாக வெளியிடவில்லை. பிப்ரவரியில் சின்ன மாடல் வந்தது. பிறகு படிப்படியாகப் பெரியவை வந்து, நவம்பரில் 150 கோடி அளவுருக்கள் கொண்ட முழு மாடல் வந்தது. கூடவே, ஆராய்ச்சியாளர்கள் டிடெக்டர் செய்து பார்க்கட்டும் என்று இரண்டு வகை எழுத்துகளையும் நிறுவனம் பொதுவில் வைத்தது. ஒரு பக்கம் மனிதர்கள் இணையத்தில் எழுதியவை, 2,50,000 ஆவணங்கள். மறுபக்கம் ஒவ்வொரு அளவு மாடலும் எழுதித் தள்ளியவை, அதிலும் முறைக்கு 2,50,000. டிடெக்டர் பயிற்சி என்பது அன்றைக்கும் இன்றைக்கும் இந்த இரண்டு குவியல்தான். இந்தக் குவியலுக்கு 0, அந்தக் குவியலுக்கு 1 என்று சீட்டு ஒட்டி, கணினியிடம் கொடுத்து, வித்தியாசத்தை நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுவது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? வழக்கமாக ரோபெர்ட்டா போன்ற ஒரு மாடலை எடுத்துக்கொள்வார்கள். அது ஏற்கெனவே ஏராளமான ஆங்கிலம் படித்த மாடல்; எழுதாது, வாசிக்க மட்டும் செய்யும். ஒரு கட்டுரையின் முதல் 500 டோக்கன் அளவுக்கு அதனுள் செலுத்தினால், அந்த வாசிப்பின் சாரத்தை ஓர் எண் வரிசையாகத் தரும். அதன் தலையில் இன்னொரு சின்ன அடுக்கை வைத்து, 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரே ஓர் எண்ணாகச் சுருக்குகிறார்கள். மனிதர் எழுதியதற்கு 0.8 என்று சொல்லிவிட்டதா? அந்தப் பிழையின் அளவைக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் எடைகளையெல்லாம் பிழை குறையும் திசையில் கொஞ்சம் நகர்த்துவார்கள். குவியல்கள் தீரும் வரை இப்படியே. பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். ஓப்பன்ஏஐ இதே முறையில் செய்த டிடெக்டர், முழு ஜிபிடி-2-இன் எழுத்தைச் சுமார் 95% சரியாகப் பிரித்தது.

புதியவர்கள் அந்த 95-ஐப் பார்த்து வியப்பார்கள். அவர் காட்ட விரும்பியது, அதே ஃபோல்டரின் விளக்கக் குறிப்பில் இருக்கும் இன்னொரு சின்ன அட்டவணையை.

அது ரோபெர்ட்டா எல்லாம் இல்லாத, மிக எளிய டிடெக்டரின் கணக்கு. எந்தச் சொல், எந்தச் சொல்ஜோடி எத்தனை முறை வருகிறது என்று மட்டுமே பார்க்கும். மிகச் சிறிய ஜிபிடி-2 எழுதியதை அது 88.29% சரியாகப் பிரித்தது. மிகப் பெரிய ஜிபிடி-2 எழுதியதில் 74.31%. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும் விளையாட்டு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், விழுந்தது எவ்வளவு என்று தெரியும். நிறுவனம் மாறவில்லை, பயிற்சி கொடுத்த முறை மாறவில்லை. மாடல் பெரிதானது, அவ்வளவுதான். பெரிய மாடலின் சொல்லாட்சி மனிதர்களின் சொல்லாட்சிக்கு நெருங்கி வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தே பிடிக்கக்கூடிய வித்தியாசம் தேய்ந்துவிட்டது.

அட்டவணையின் பக்கத்துப் பத்தியில் இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. அதே பெரிய மாடல், அதே எளிய டிடெக்டர். ஆனால் எழுத்து `k40` என்று பெயர் போட்ட கோப்பிலிருந்து வந்தது. அங்கே 92.69%.

என்ன வேறுபாடு? மொழி மாடல் ஒவ்வொரு சொல்லையும் எழுதும்போது, அடுத்து வரக்கூடிய எல்லாச் சொற்களுக்கும் ஒரு வாய்ப்பைக் கணிக்கிறது. அந்த வாய்ப்புகளின்படியே குலுக்கி எடுப்பது ஒரு வழி. முன்னணியில் இருக்கும் 40 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் குலுக்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் எழுதியது மனிதக் கண்ணுக்கு நன்றாக இருக்கும். திடீரென்று அபத்தமான சொல் வந்து விழாது. ஆனால் அபூர்வமான சொற்கள் வழக்கத்துக்குக் குறைவாகவும் சாதாரணச் சொற்கள் வழக்கத்துக்கு அதிகமாகவும் வந்து, எண்ணிப் பார்க்கும் இயந்திரத்திடம் சட்டென்று மாட்டிக்கொள்ளும். மனிதர் ஏமாறும் இடத்தில் இயந்திரம் ஏமாறுவதில்லை. 2020-இல் டாஃப்னி இப்போலிட்டோவும் சக ஆய்வாளர்களும் இதையே ஒரு கட்டுரையாக எழுதினார்கள். ஒரு வகைக் குலுக்கலில் பழகிய டிடெக்டர் இன்னொரு வகைக் குலுக்கலில் தடுமாறுகிறது என்பதையும் அதில் காட்டினார்கள்.

அவர் சொல்ல வந்ததும் இதுதான். டிடெக்டருக்கு மெஷின் என்றால் என்னவென்று தெரியாது. கையில் கொடுத்த இரண்டு குவியல்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் மட்டுமே தெரியும். மாடலைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஒரு திருகைத் திருப்பினாலே அந்த வித்தியாசம் வேறாகிவிடும்.

குவியல் எப்படிச் சேர்ந்தது என்பதும் வித்தியாசத்துக்குள் புகுந்துகொள்ளும். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. சில வாரங்களிலேயே ஆராய்ச்சியாளர்கள் ஹெச்சி3 என்ற தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதன் ஆங்கிலப் பகுதியில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மனிதர் சொன்ன பதிலும் சாட்ஜிபிடி சொன்ன பதிலும் அருகருகே. பெரும்பகுதி மனிதப் பதில்கள் ரெடிட் தளத்திலிருந்து வந்தவை. பலரும் அதில் டிடெக்டர் பயிற்சி கொடுத்தார்கள். குழுவில் இருந்த இளைஞர் ஒருவரும் கொடுத்தார்.

“அக்கா, 99 தாண்டிடுச்சு,” என்று மடிக்கணினியோடு வந்து நின்றார்.

“நம்பாதே. பத்து மனிதப் பதில், பத்து மெஷின் பதில் எடுத்துக் கண்ணால படி. அர்த்தத்தைப் பார்க்காதே, புள்ளியையும் காற்புள்ளியையும் பாரு.”

மனிதப் பதில்களில், முன்பே எப்போதோ யாரோ சொற்களைப் பிரித்து வைத்த தடம் அப்படியே இருந்தது. சொல் முடிந்ததும் ஓர் இடைவெளி, பிறகுதான் காற்புள்ளி. மேற்கோள் குறிகளுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி. சாட்ஜிபிடியின் பதில்களில் எல்லாம் அச்சுச் சுத்தம். காற்புள்ளிக்கு முன்னால் இடம் விட்டிருந்தால் மனிதர் என்ற ஒரு விதியை மட்டும் கற்றாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். டிடெக்டர் ஏன் அதற்கு மேல் மெனக்கெட வேண்டும்? இது ஊகமும் அல்ல. மெஷின் எழுத்தில் ஏதாவது ஒரு காற்புள்ளிக்கு முன்னால் ஒரே ஓர் இடைவெளியைச் செருகினால் போதும், டிடெக்டர்கள் ஏமாறுகின்றன என்று 2023-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. தலைப்பிலேயே அந்த ஒற்றை இடைவெளியைச் சொல்லிவிட்டார்கள்.

இதைத் தவிர்க்க, குழு குவியல்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்தது. ஒரு மனிதக் கட்டுரையை எடுத்துக்கொள்வது. அதன் பொருள், நீளம், நடை மூன்றையும் குறித்துக்கொள்வது. அதே பொருளில், அதே நீளத்தில், அதே நடையில் எழுது என்று மாடலிடம் கேட்பது. பிறகு இரண்டையும் ஒரே சல்லடையில் போட்டு இடைவெளி, மேற்கோள் குறி, வரி உடைப்பு எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்குவது. மாடல் பதிலின் தொடக்கத்தில் வந்து நிற்கும் உபசார வரிகளையும் வெட்ட வேண்டும். இத்தனையும் செய்த பிறகு வரும் மதிப்பெண் முதலில் வந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். புதியவர்களுக்கு அது பிடிக்காது. அவருக்கோ அந்தக் குறைந்த எண் மீதுதான் நம்பிக்கை.

0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண் வந்துவிட்டால் வேலை முடிந்ததா? எங்கே கோடு போடுவது என்பது பாக்கி. 0.5-இல் போடுவது வகுப்பறைப் பழக்கம். தொழிலில், பயிற்சியில் காட்டாமல் ஒதுக்கி வைத்த மனிதக் கட்டுரைகளை ஓட்டி, நூற்றுக்கு ஒன்று மட்டுமே தவறாக மாட்டும் இடத்தில் கோடு போடுவார்கள். ஒரு நிரபராதி மாணவர்மீது பழி விழுவதற்கும், மெஷினில் எழுதிய ஒருவர் தப்புவதற்கும் விலை ஒன்றல்ல.

அந்தக் கோட்டை வைத்துத்தான் டிடெக்டர் பழசாகிவிட்டதா என்றும் பார்ப்பார்கள். நிரலாக எழுதினால் இரண்டு வரிதான்:

```python
t = np.quantile(human_scores, 0.99)
recall = (new_model_scores > t).mean()
```

முதல் வரி மனிதக் கட்டுரைகளின் மதிப்பெண்களிலிருந்து கோட்டைக் கண்டுபிடிக்கிறது. இரண்டாவது வரி, புதிதாக வந்த மாடலின் கட்டுரைகளில் எத்தனை பங்கு அந்தக் கோட்டுக்கு மேலே போகிறது என்று சொல்கிறது. புது மாடல் எது வந்தாலும், அதன் எழுத்தை டிடெக்டருக்குப் பயிற்சியில் காட்டுவதற்கு முன்னால் இந்தச் சோதனையை ஓட்டிவிட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். காட்டிய பிறகு ஓட்டினால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

அப்போது திரையில் விழும் படம் ஒரே மாதிரி இருக்கும். பழைய மாடலின் கட்டுரைகள் எல்லாம் 0.99-ஐ ஒட்டிக் குவிந்து நிற்கும். புது மாடலின் கட்டுரைகள் இரண்டாகப் பிளந்து நிற்கும்: சில அதே 0.99 பக்கம், மற்றவை நேர் எதிரே 0.01 பக்கம். நடுவில் கூட்டமே இருக்காது. தெரியாத ஒன்றைப் பார்த்தால் 0.5 என்று தயங்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தயங்கக் கற்றுக்கொடுக்கவே இல்லையே. அதற்குத் தெரிந்தது இரண்டு பெட்டி. பழகிய மெஷின்போல இல்லாதது எல்லாம் மிகுந்த உறுதியோடு மனிதப் பெட்டிக்குள் போய்விடும்.

இன்னொரு சிக்கல், இந்தச் சரிவு வெளியே கேட்காது. தன் சொந்த எழுத்து மெஷின் என்று மாட்டியவர் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புவார். மெஷினில் எழுதித் தப்பியவர் எதற்கு எழுதப்போகிறார்? புது மாடல் வந்த மாதத்தில் புகார்கள் குறைந்துகூடப் போகும். விற்பனைப் பிரிவு அதைப் பார்த்து மகிழ்ந்த கதைகள் அவரிடம் உண்டு.

பழசாவதும் ஒரே சீராக நடப்பதில்லை. ஜிபிடி-2-க்காகச் செய்த அந்த 2019 டிடெக்டரை, 2022 டிசம்பரில் மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் சாட்ஜிபிடி எழுதிய ஆய்வுச் சுருக்கங்களின் மீது ஓட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 50 சுருக்கங்கள். டிடெக்டர் பெரும்பாலானவற்றைச் சரியாகவே பிடித்தது. மூன்று வயதான கருவி, தான் பார்த்தே இராத மாடலைப் பிடித்துவிட்டது. இதை வைத்துப் பலர் நம்பிக்கை கொண்டார்கள். அவர் அப்படிக் கொள்ளவில்லை. ஆய்வுச் சுருக்கம் என்பது இறுக்கமான அச்சு. அதில் சாட்ஜிபிடி வழவழவென்று ஒரே தாளத்தில் எழுதும், மனிதர்களோ எண்களையும் சுருக்கெழுத்துகளையும் கொட்டி வைப்பார்கள். அதே மாடலிடம் “ஒரு பள்ளி மாணவன் எழுதுவதுபோல எழுது” என்று கேட்டால் குவியலே மாறிவிடும்.

டிடெக்டரைச் சரியாகச் செய்யும் வசதி யாருக்காவது இருந்ததென்றால் அது மாடலைச் செய்தவர்களுக்கே. 2023 ஜனவரி 31 அன்று ஓப்பன்ஏஐ தன்னுடைய புதிய டிடெக்டரை வெளியிட்டது. ஒரே மாடலோடு நிற்காமல் 5 நிறுவனங்களின் 34 மாடல்கள் எழுதியவற்றை வைத்துப் பயிற்சி. குறைந்தது 1,000 எழுத்துகளாவது வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும் பயன்படுத்துங்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார்கள். அவர்களே அறிவித்த கணக்கு: மெஷின் எழுதியதில் 26% பிடிபடும், மனிதர் எழுதியதில் 9% தவறாக மாட்டும்.

ஒரு கல்லூரியில் 1,000 கட்டுரைகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 மெஷின் எழுதியவை. இந்தக் கருவி அவற்றில் 26-ஐப் பிடிக்கும், 74 தப்பும். மிச்சமுள்ள 900 மாணவர்களில் 81 பேர் மாட்டுவார்கள். ஆக, சிவப்புக் குறி விழுந்த 107 கட்டுரைகளில் 81 நிரபராதிகளுடையவை. அந்தக் கருவியை அதே ஆண்டு ஜூலை 20 அன்று, துல்லியம் குறைவு என்ற காரணத்தைச் சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிரச்சினையை மூடி மறைக்காமல் எண்ணைச் சொன்னதற்காக அவர் அந்த நிறுவனத்தைப் பாராட்டுவார். சந்தையில் அதே காலத்தில் 99% என்று விளம்பரம் செய்தவர்கள் எந்தக் குவியலில் 99 என்று சொல்லவில்லை.

புது மாடல் ஏன் இத்தனை வேகமாக ஆட்டத்தைக் கலைக்கிறது? அளவு பெரிதாவது ஒரு காரணம்தான். சாட்ஜிபிடி காலத்துக்குப் பிறகு, மாடலை முதலில் இணைய எழுத்தில் பழக்கிவிட்டு, பிறகு மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு இரண்டாவது முறை இழைக்கிறார்கள். இந்த இரண்டாவது இழைப்பில்தான் மாடலின் நடை உருவாகிறது: எந்தச் சொல்லை அடிக்கடி தொடும், பத்தியை எப்படி முடிக்கும், எப்போது பட்டியல் போடும் என்பதெல்லாம். டிடெக்டர் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்த நடையைத்தான். ஒவ்வொரு நிறுவனமும் தன் மாடலை வேறு ஆட்களின் விருப்பத்தை வைத்து இழைக்கிறது. அடுத்த பதிப்பில் அந்த நடையையும் மாற்றுகிறது. வாசகர்கள் எந்தச் சொல்லைக் கேலி செய்கிறார்களோ அது அடுத்த பதிப்பில் குறைந்தால் ஆச்சரியமில்லை.

பெயர் மாறாமலே மாடல் மாறுவதும் உண்டு. நிரலில் `gpt-3.5-turbo` என்று எழுதினால், 2023 மார்ச்சில் பதில் சொன்னது `gpt-3.5-turbo-0301`. ஜூனுக்குப் பிறகு அதே பெயரைச் சொன்னால் `gpt-3.5-turbo-0613` பதில் சொன்னது. மார்ச்சிலும் ஜூனிலும் ஒரே பெயர் கொண்ட மாடல்கள் எப்படி வேறாக நடந்துகொண்டன என்று ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி ஆய்வாளர்கள் அந்த ஆண்டே அளந்து எழுதினார்கள். குழுவின் குவியல்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் மாடலின் முழுப் பதிப்புப் பெயரும், எடுத்த தேதியும், குலுக்கல் அமைப்பும் எழுதியே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தது இதனால்தான். 2024-இல் வந்த ரெய்டு என்ற சோதனைத் தொகுப்பு, 11 மாடல்களின் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை வைத்து, அவர் பட்டறிவால் சொல்லிவந்ததை ஊர்ஜிதம் செய்தது. சொன்னதையே திரும்பச் சொல்லாதே என்று மாடலுக்கு ஒரு தண்டத்தை அமைப்பில் வைத்தாலே பல டிடெக்டர்கள் சரிந்தன.

சரி, புது மாடலின் எழுத்தையும் குவியலில் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுத்தால் தீர்ந்ததுதானே? கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் புதியதை மட்டும் கொடுத்தால் பழையதை மறந்துவிடும். பழைய மாடல்களை மக்கள் கைவிடுவதும் இல்லை; இலவசமாகக் கிடைப்பதைத்தான் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். எனவே எல்லாத் தலைமுறையும் குவியலில் இருக்க வேண்டும். மெஷின் குவியலுக்குள் இப்படி நடைகள் பெருகப் பெருக, அது மனிதக் குவியலின் ஓரங்களை உரச ஆரம்பிக்கும். முதலில் உரசப்படுவது யார் எழுத்து? 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 7 டிடெக்டர்களில், டோஃபெல் தேர்வுக்காக ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஓட்டினார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், சுமார் 61%, மெஷின் என்று மாட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தப் பிழை மிகச் சொற்பம். எளிய சொற்களில், பள்ளியில் சொல்லிக்கொடுத்த வாக்கிய அமைப்பில் கவனமாக எழுதுபவரின் ஆங்கிலம்தான் முதலில் அடிபடுகிறது. சென்னையில் உட்கார்ந்து இதைப் படித்தவருக்கு, அது தன் வாடிக்கையாளர் கல்லூரிகளின் மாணவர்களைப் பற்றிய செய்தி.

அதனால் கடைசி ஆண்டுகளில் அவருடைய நேரம் மெஷின் குவியலைவிட மனிதக் குவியலில்தான் அதிகம் போயிற்று. 2022 நவம்பருக்கு முன்பு எழுதியது என்று உறுதியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சுத்தமானது. ஆனால் அதை மட்டும் வைத்தால் இன்னொரு குறுக்குவழி முளைக்கும்: 2024 தேர்தலைப் பற்றி எழுதினாலே மெஷின் என்று டிடெக்டர் முடிவு கட்டிவிடும், ஏனென்றால் அந்தச் செய்தி மெஷின் குவியலில் மட்டுமே இருக்கிறது. புதிய மனித எழுத்து வேண்டும். இணையத்திலிருந்து எடுத்தால் அதில் மாடலின் கை எவ்வளவு பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆட்களை ஓர் அறையில் உட்காரவைத்து, கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, பேனாவால் எழுதவைத்தார்கள். அதைத் தட்டச்சு செய்பவர்களுக்கு அவர் கொடுத்த குறிப்பில் முதல் வரி, எழுத்துப் பிழைகளைத் திருத்தக் கூடாது என்பது. இரண்டாவது வரி, கணினியில் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது. இப்படிச் சேர்வது லட்சக்கணக்கில் சேராது. கோடு போடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் மட்டுமே போதும், பயிற்சிக்குப் போதாது.